நாலு மாசம் தாக்குப்பிடிச்ச ஒரு மண்கோட்டை: கரிசக்காட்டுல நடந்த கெரில்லா போர் பத்தி ஒரு இழை

1/
போன வாரம் டியூட்டி முடிஞ்சு கோவில்பட்டியில இருந்து திருநெல்வேலிக்கு நண்பரோட கார்ல போயிட்டு இருந்தேன். கயத்தாறு கட்டபொம்மன் நினைவிடத்தைத் தாண்டும்போது அவர் கேட்டார்: "டாக்டர், இவ்ளோ பெரிய ராணுவம் வச்சிருக்கிற நாடுகள் ஏன் காட்டுக்குள்ள இருக்கிற சில ஆயிரம் பேரை வருசக்கணக்கா அடக்க முடியாம திணறுது? நாலு நாள்ல முடிக்க வேணாமா?"

பதில் நாங்க போயிட்டு இருந்த ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருந்துச்சு. அதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஒரு ஒப்பீடு. 1799 ஏப்ரல்ல ஆங்கிலக் கம்பெனிப் படை ஸ்ரீரங்கப்பட்டினத்தை முற்றுகை போடுது. உள்ளே திப்பு சுல்தான். கல்கோட்டை, பீரங்கி, ராக்கெட், பயிற்சி பெற்ற படை எல்லாம் அவர்கிட்ட இருந்துச்சு. மே 4-ம் தேதி கோட்டை விழுந்துருச்சு. ஏறக்குறைய ஒரு மாசம்.

அதே கம்பெனி 1801-ல நம்ம ஒட்டப்பிடாரம் பக்கம் பாஞ்சாலங்குறிச்சியில ஒரு மண்கோட்டையைப் பிடிக்க எடுத்துக்கிட்டது பிப்ரவரியில இருந்து மே வரைக்கும். ஏறக்குறைய நாலு மாசம். அதுவும் ரெண்டு வருசம் முன்னாடி அவங்களே தரைமட்டமாக்கிய கோட்டை!

3/
நமக்கெல்லாம் கட்டபொம்மன்னா 1959-ல வந்த சிவாஜி படம்தான். அந்த வசனத்தைச் சொல்லாத பள்ளிக்கூட ஆண்டு விழா நம்ம பக்கம் கிடையாது. ஆனா ராணுவக் கணக்குல பார்த்தா 1799 சண்டை கெரில்லா போரே இல்ல. அது கோட்டையில நின்னு செஞ்ச நேரடிச் சண்டை.

செப்டம்பர் 5-ம் தேதி மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்குறார். முதல் தாக்குதல் தோல்வி. பல ஆங்கில அதிகாரிகள் செத்துப்போறாங்க. ஆனா பாளையங்கோட்டையில இருந்து கூடுதல் படையும் பீரங்கியும் வருதுன்னா அந்தச் சின்னக் கோட்டை தாங்காது. கட்டபொம்மன் ராத்திரியோட ராத்திரியா வெளியேறுறார். கடைசியில புதுக்கோட்டை தொண்டைமான் ஆட்கள் பிடிச்சுக் குடுக்குறாங்க. அக்டோபர் 16, கயத்தாறுல தூக்கு. மத்த பாளையக்காரர்களையெல்லாம் வரவழைச்சு, பார்க்க வச்சுத்தான் அதைச் செஞ்சாங்க.

4/
இதுல முதல் பாடம் இருக்கு. பலம் குறைஞ்சவன் ஒரு இடத்தைக் காப்பாத்தணும்னு உக்காந்தா, பலசாலிக்கு வேலை சுலபம். ராணுவம்ங்கிற அமைப்பே ஒரு இலக்கைப் பார்த்து மொத்த சக்தியையும் அங்க குவிக்கத்தான் உருவானது. கோட்டை, தலைநகரம், பாலம் மாதிரி வரைபடத்துல வட்டம் போடக்கூடிய இடம் கிடைச்சா அது ஜெயிக்கும். எங்க அடிக்கிறதுன்னே தெரியலன்னாத்தான் திணறும்.

5/
இப்ப 1801. கட்டபொம்மனோட தம்பி ஊமைத்துரையும் மத்தவங்களும் பாளையங்கோட்டைச் சிறையில இருக்காங்க. அங்க இருந்து எழுதின ஜேம்ஸ் வெல்ஷ்ங்கிற ஆங்கில அதிகாரி, சிறைக்குள்ள பெரியம்மை பரவியிருந்ததால விலங்குகளைக் கழட்டியிருந்தாங்கன்னு சொல்றார். பிப்ரவரி 2 ராத்திரி அதிகாரிகள் விருந்துல இருக்கும்போது, வெளியில இருந்து வந்த ஆட்களோட உதவியில காவலை மீறி எல்லாரும் தப்பிக்கிறாங்க. சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துல பாஞ்சாலங்குறிச்சி.

நோயாளிகிட்ட இரக்கப்பட்டு விலங்கைக் கழட்டினதுதான் வினையாச்சுன்னு எடுத்துக்காதீங்க. வெளியில ஆள் காத்திருக்கான், எந்த நாள் எந்த நேரம்னு உள்ளே தகவல் போயிருக்கு. அந்த ஏற்பாடுதான் முக்கியம்.

6/
கம்பெனிப் படை மேஜர் மெக்காலே தலைமையில அவசரமா கிளம்புது. ஒரு வாரத்துக்குள்ள பாஞ்சாலங்குறிச்சி வந்து பார்த்தா, இடிச்சுத் தள்ளின கோட்டைச் சுவர் திரும்ப நிக்குது! அதுமேல ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்கள்.

எப்படி? கரிசக்காட்டுக்காரங்களுக்கு இது புரியும். கல்கோட்டை கட்ட கொத்தனார் வேணும், கல் வேணும், மாசக்கணக்கா நேரம் வேணும். மண்சுவருக்கு மண்வெட்டி, தண்ணி, கூட நிக்கிற சனம் இருந்தா போதும். சுத்துப்பட்டு ஊரெல்லாம் ராப்பகலா வந்து வேலை பார்த்திருந்தாத்தான் சில நாள்ல அந்தச் சுவர் எழும்பும். அந்தச் சுவரைப் பார்த்த அன்னிக்கே மெக்காலேவுக்கு ஒண்ணு புரிஞ்சிருக்கணும்: எதிரில இருக்கிறது வெறும் படை இல்ல, ஒரு வட்டாரம்.

அவர் பாளையங்கோட்டைக்குத் திரும்பிப் போய் கூடுதல் படைக்காகக் காத்திருந்தார். அந்த இடைவெளியில ஊமைத்துரை ஆட்கள் தூத்துக்குடி வரைக்கும் பிடிச்சுட்டாங்க.

7/
மார்ச் 31. பெரிய படையோட மெக்காலே திரும்ப வந்து தாக்குறார். பீரங்கியால சுவரை உடைச்சு, உடைப்பு வழியா சிப்பாய்கள் ஏறணும். அப்ப எல்லாப் படையும் செய்யிற வழக்கமான முறை.

நடந்தது வேற. மண்சுவர்ல குண்டு பட்டா கல்சுவர் மாதிரி சிதறி விழாது, குண்டை உள்வாங்கிக்கும். சுத்திலும் முள்வேலி. அதைத் தாண்டி மேல ஏறினவங்களுக்கு அங்க நிக்க இடமே இல்ல. கொத்தளங்களோட உள்பக்கம் குழிவா இருந்துச்சு. உள்ளே கீழே நின்னுக்கிட்டு நீளமான ஈட்டியால மேல ஏறுறவங்களைக் குத்தினாங்க. துப்பாக்கியால குனிஞ்சு சுடுறதுக்குள்ள ஆள் காலி. முன்னணியில போன ஐரோப்பியச் சிப்பாய்கள்ல பாதிக்கும் மேல செத்தாங்க இல்ல காயம்பட்டாங்க.

ஏன் தோத்தோம்னு கோட்டை விழுந்ததுக்கு அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தப்பத்தான் அவங்களுக்கே புரிஞ்சுது.

8/
ரெண்டாவது பாடம்: ராணுவம் தனக்குத் தெரிஞ்ச போருக்குத்தான் தயாராகி வரும். துப்பாக்கி, பீரங்கி, அணிவகுப்பு எல்லாமே தன்னை மாதிரியே இன்னொரு படை எதிர்ல நிக்கும்னு நினைச்சுச் செஞ்சது. எதிராளி அந்த விளையாட்டுக்கே வராம, ஈட்டி நுனிக்கு எட்டுற தூரத்துக்கு உன்னை வரவச்சுட்டா உன் ஆயுதத்தோட மேன்மை அங்கேயே செத்துருது.

அதுக்கப்புறம் ஏப்ரல், மே ரெண்டு மாசமும் நம்ம ஊர் வெயில்ல வெட்டவெளியில கூடாரம் போட்டு உக்காந்திருந்தாங்க. யார் யாரை முற்றுகை போட்டிருந்தாங்கன்னே சந்தேகம். கோட்டையில இருந்து ஆட்கள் திடீர்னு வெளிய வந்து அடிச்சுட்டு உள்ளே போயிருவாங்க.

9/
இங்கதான் காலம்ங்கிற கணக்கு வருது. 1969-ல வியட்நாம் பத்தி எழுதும்போது கிஸ்ஸிஞ்சர் சொன்ன விசயத்தோட சாரம்: கெரில்லா தோக்காம இருந்தாலே அது அவனுக்கு வெற்றி, ராணுவம் ஜெயிக்கலன்னாலே அது அதுக்குத் தோல்வி.

ஏன்னா ராணுவத்துக்கு ஒவ்வொரு நாளும் செலவு. சம்பளம், சாப்பாடு, மருந்து, மாட்டு வண்டி, மேல இருந்து வர்ற கேள்வி. எதிராளி அவன் ஊர்ல இருக்கான். அவன் வீட்டுக்குத் திரும்பணும்னு யாரும் நாள் குறிக்கல.

10/
மே மாசம் கர்னல் அக்னியூ புதுப் படையோடயும் பெரிய பீரங்கிகளோடயும் வர்றார். மே 24-ல கோட்டை விழுது. உள்ளே இருந்தவங்க இன்னொரு பக்கமா வெளியேறுறாங்க.

இப்ப நம்ம மண்ணோட குணம் அவங்களுக்கே எதிரா திரும்புது. கரிசக்காடு எப்படி இருக்கும்? கண்ணுக்கெட்டின தூரம் வெட்டவெளி. ஒளிய மரம் இல்ல, ஏற மலை இல்ல. பருத்தி, கம்பு எல்லாம் அறுத்து முடிஞ்ச கோடையில பொட்டல். குதிரைப்படைக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கோட்டைச் சுவருக்குள்ள ஈட்டிக்குப் பயந்த அதே படை, வெளியில தப்பிச்சவங்களைத் துரத்தித் துரத்தி வெட்டுச்சு.

ஜனங்க ஆதரவு மட்டும் போதாது, மறையுறதுக்கு நிலமும் வேணும். நம்ம ஊர்ல முதல்தான் இருந்துச்சு.

11/
ஆனா அன்னிக்கு ராத்திரி நடந்ததா வெல்ஷ் எழுதிவச்ச ஒரு சம்பவம் இருக்கு. டாக்டரா எனக்கு மறக்கவே முடியாதது.

செத்துக்கிடந்தவங்களுக்கு நடுவுல ஒரு அம்மா தன் மகனைத் தேடி வர்றாங்க. மகனுக்கு உயிர் ஊசலாடுது. அவன், "என்னை விடும்மா, பக்கத்துல சாமி காயத்தோட கிடக்கார், அவரைக் காப்பாத்து"ங்கிறான். சாமின்னா ஊமைத்துரை. அந்த அம்மா அவரைத் தூக்கிட்டுப் போய் ஊருக்குள்ள வைக்கிறாங்க.

கம்பெனிக்குத் துணையா இருந்த எட்டயபுரத்து ஆட்கள் தேடி வர்றாங்க. பொம்பளைங்க எல்லாரும் அவரைத் துணியால மூடி, சுத்தி உக்காந்து ஒப்பாரி வைக்கிறாங்க. என்னன்னு கேட்டா, பெரியம்மையில ஒரு பையன் செத்துட்டான்னு பதில். வந்தவங்க திரும்பிப் பார்க்காம ஓடிட்டாங்க.

12/
அந்தப் பயம் சும்மா வந்தது இல்ல. பெரியம்மைக்குத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்ததே அடுத்த வருசம்தான், 1802 ஜூன்ல பம்பாய்ல முதல் குழந்தைக்குப் போட்டாங்க. 1801-ல அந்த நோய் இருக்கிற வீட்டுக்குள்ள யாரும் நுழைய மாட்டான்.

இப்ப இதை ராணுவக் கண்ணால பாருங்க. கம்பெனியோட பீரங்கி, குதிரைப்படை, ஒற்றர்கள் எல்லாத்தையும் ஒரு ஊர்ப் பொம்பளைங்க ஒரே ஒரு பொய்யால தடுத்துட்டாங்க. மாவோ, கெரில்லாவும் மக்களும் மீனும் தண்ணியும் மாதிரின்னு பிற்காலத்துல சொன்னாரே, அதோட அர்த்தம் இதுதான். ராணுவத்துக்கு உண்மையான பற்றாக்குறை தகவல்ல. எங்க இருக்கான், யாரு அவன், இப்ப செத்துக்கிடக்கிறது யாரு? இந்தத் தகவல் முழுக்க ஊர் ஜனங்க கையில. அவங்க சொல்லலன்னா ராணுவம் குருடு.

13/
குருடான படை என்ன செய்யும்? இதுதான் இந்த இழையில எனக்கு முக்கியமான இடம். எதிராளியைப் பிடிக்க முடியலன்னா ஊரைத் தண்டிக்கும். வீட்டைக் கொளுத்தும், சந்தேகத்துல தூக்குல போடும். அன்னிக்கு அதுக்குப் பயந்து கொஞ்சப் பேர் தகவல் சொல்லுவாங்க. ஆனா அடிபட்ட வீட்டுல இருந்து புதுசா ஆள் போய்ச் சேருவான்.

'அறுவை சிகிச்சை மாதிரி துல்லியமான தாக்குதல்', 'புற்றை வேரோட வெட்டணும்'னு டிவியில பேசுறப்ப எனக்கு எரிச்சலா இருக்கும். கட்டி எங்க இருக்குன்னு தெரியாம கத்தியை வைக்கிறவன் சர்ஜன் இல்ல. அதோட அங்க வெட்டுப்படுறது நோய் இல்ல, மனுசங்க.

14/
சரி, கதைக்கு வருவோம். பிழைச்ச ஊமைத்துரை கமுதி வழியா சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோட சேர்றார். ஜூன் 16-ல திருச்சியில சின்ன மருதுவோட பிரகடனம் சுவர்ல ஒட்டப்படுது. எல்லா ஜாதி, எல்லா மதத்து ஜனங்களும் சேர்ந்து எதிர்க்கணும்னு கூப்பிட்ட அறிக்கை.

இப்ப அவங்களுக்கு நிலமும் கிடைச்சுருச்சு. காளையார்கோவிலைச் சுத்தி அடர்ந்த முள்காடு. கர்னல் அக்னியூ சிறுவயல் பக்கம் வர்றாருன்னு தெரிஞ்சதும், எதிரிக்கு உபயோகப்படக் கூடாதுன்னு மருதுகள் தங்களோட அந்த ஊரையே கொளுத்திட்டுக் காட்டுக்குள்ள போயிட்டாங்க. கட்டபொம்மன் செய்யாதது இது. இடத்தை விட்டாங்க, படையைக் காப்பாத்திக்கிட்டாங்க.

15/
அக்னியூ என்ன செஞ்சார்? காட்டை வெட்டி காளையார்கோவிலுக்கு ரோடு போட ஆரம்பிச்சார்! ஜூலை கடைசியில இருந்து ஒரு மாசத்துக்கும் மேல. தினமும் வெட்டுறவங்க மேல காட்டுக்குள்ள இருந்து தாக்குதல். பின்னாடி இருந்து வர்ற உணவு வண்டிகள் மேலயும் தாக்குதல். சிப்பாய்கள் நோயில விழுறாங்க. கடைசியில செப்டம்பர் தொடக்கத்துல வேலையைக் கைவிட்டுத் திரும்பினாங்க.

உலகத்துல எந்த ராணுவத்துக்கும் இந்தக் கதை தெரியும். ரோட்டைப் பிடிச்சா காட்டைப் பிடிச்ச மாதிரி இல்ல. ரோட்டைக் காவல் காக்கவே பாதிப் படை போயிரும்.

16/
அப்ப கம்பெனி எப்படி ஜெயிச்சுது? இங்கதான் நம்ம பாடப்புத்தகம் அவசரமா முடிச்சுரும்.

செப்டம்பர் 12-ம் தேதி அக்னியூ சோழபுரத்துல ஒரு விழா நடத்துறார். சிவகங்கை அரச குடும்பத்து உரிமை கொண்டாடிய படமாத்தூர் ஒய்யாத்தேவரை சிவகங்கைச் சீமைக்கு முறைப்படி அதிபதியா அறிவிக்கிறார். அவ்ளோதான். ஒரு குண்டு வெடிக்கல.

ஆனா அந்த ஒரு அறிவிப்புல கேள்வியே மாறிப்போச்சு. அதுவரைக்கும் 'வெள்ளைக்காரனா, நம்மாளா?' இப்ப 'எந்த நம்மாளு?' மருதுகள் அரச வம்சம் இல்லங்கிற முணுமுணுப்பு ஏற்கனவே இருந்துச்சு. ஜனங்கள்ல ஒரு பகுதி விலகுது. தகவல் கிடைக்க ஆரம்பிக்குது. காட்டுக்குள்ள போற ரகசியப் பாதை தெரிய வருது. அக்டோபர் 1-ம் தேதி பல பக்கமா ஒரே நேரத்துல நுழைஞ்சு காளையார்கோவிலைப் பிடிச்சுட்டாங்க. ஒரு மாசம் கோடாலி செய்யாததை மூணு வாரத்துல ஒரு பட்டம் சூட்டுற விழா செஞ்சுது.

17/
அக்டோபர் 24, திருப்பத்தூர்ல மருது சகோதரர்களுக்குத் தூக்கு. நவம்பர் 16, பாஞ்சாலங்குறிச்சியில ஊமைத்துரைக்குத் தூக்கு. சின்ன மருதுவோட மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேல ஆட்களைக் கப்பல்ல பினாங்குக்கு நாடு கடத்தினாங்க.

டிசம்பர் 1-ல கவர்னர் கிளைவோட பிரகடனம்: ஜனங்க ஆயுதம் வச்சுக்கக் கூடாது, ஆனா கலந்துக்கிட்ட மத்தவங்களுக்குப் பொது மன்னிப்பு. 1803-ல பாளையக்காரர்களை நிரந்தர வரி கட்டுற ஜமீன்தார்களா மாத்திட்டாங்க. கொடுமையும் சலுகையும் ஒரே கையில. கம்பெனியோட பக்கம் நின்னா சொத்து, எதிர்த்தா கயிறு. அந்த ஏற்பாடு அவங்களுக்குப் பல தலைமுறை தாங்குச்சு.

18/
"இதெல்லாம் குதிரைக் காலத்துக் கதை"ம்பீங்க. 1987 அக்டோபர்ல இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்துல இறங்கிச் சண்டை போட்டப்ப ஹெலிகாப்டர், டாங்கி எல்லாம் இருந்துச்சு. ஊர், சந்து, பாஷை தெரியல. யார் போராளி, யார் கடைக்காரர்னு தெரியல. 1990 மார்ச்ல சுமார் 1,200 வீரர்களை இழந்து திரும்பி வந்தாங்க. அந்த மூணு வருசத்துல சாதாரண தமிழ் ஜனங்க பட்டதை அங்கிருந்து வந்தவங்ககிட்ட கேளுங்க.

அதே புலிகள் பிற்பாடு கிளிநொச்சியைத் தலைநகரா வச்சு, எல்லைக்கோடு போட்டு, நேர்ப்படையா நிலத்தைக் காத்து நின்னாங்க. 2009-ல என்னாச்சுன்னு தெரியும். நடுவுல மாட்டுனது ஜனங்க. தோல்விக்கு வேற பல காரணங்கள் உண்டு, நான் மறுக்கல. ஆனா 1799 பாஞ்சாலங்குறிச்சியோட தப்பு அங்கயும் தெரியுது: வரைபடத்துல வட்டம் போடக்கூடிய இடமா மாறினா பலசாலி ஜெயிப்பான்.

19/
என் நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். ராணுவம் திணறுறது கோழைத்தனத்தாலயோ ஆயுதம் பத்தாததாலயோ இல்ல. அது இடத்தைப் பிடிக்கிற கருவி. எதிராளி இருக்கிறதோ ஜனங்க மனசுல. அந்தக் கேள்விக்கு அரசியல்லதான் பதில் உண்டு. அந்தப் பதில் நியாயமானதா இருக்கலாம், கம்பெனி செஞ்ச மாதிரி பிரிச்சாளுற சூழ்ச்சியாவும் இருக்கலாம். எது வருதுங்கிறதுலதான் அந்த ஊர்ல அடுத்த தலைமுறை எப்படி வாழும்ங்கிறது இருக்கு. அதனால 'நாலு நாள்ல முடிச்சுரலாம்'னு யாராவது சொன்னா, எந்த ஊரை, யார் வீட்டைன்னு திருப்பிக் கேளுங்க.

20/
கடைசியா ஒண்ணு. 1801-க்கு அப்புறம் கம்பெனி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடிச்சு, உழுது, ஆமணக்கு விதைச்சுது. ஊர்ப் பேரையே கணக்குல இருந்து எடுத்துட்டாங்க. இன்னிக்கு ஒட்டப்பிடாரம் போற வழியில பேர்ப்பலகையில பாஞ்சாலங்குறிச்சின்னு கொட்டை எழுத்துல இருக்கு. 1974-ல அரசு கட்டின நினைவுக் கோட்டையும் இருக்கு.

லீவுல குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போங்க. படத்து வசனத்தைச் சொல்லிக் குடுங்க, தப்பில்ல. கூடவே, பேர் தெரியாத அந்த அம்மாவோட கதையையும் சொல்லுங்க.